அந்த முகத்தை ஒட்டித் தர முடியாது

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் ஒரு ஸ்டுடியோவில் ஒன்பது ஆண்டுகளாக ஃபோட்டோஷாப் வேலை செய்கிறேன். பள்ளித் தோழன் ஒருவன் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். தெருத்தெருவாகப் போர்வை விற்கும் யாரோ ஒருவரைப் பேருந்து நிலையத்தில் அவருக்குத் தெரியாமல் எடுத்தது. அந்த முகத்தை, சாக்குப் பையோடு ஒரு குழந்தையின் அருகே நிற்கும் வேறோர் உடலில் ஒட்டி, ‘பிள்ளை பிடிப்பவன், எச்சரிக்கை’ என்று மேலே எழுதித் தரவேண்டுமாம். அண்மையில் தந்தையான எங்கள் நண்பனைப் பயமுறுத்திப் பார்க்க ஆசை. மறுநாளே விளையாட்டு என்று சொல்லிவிடுவானாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. நேரில் மறுத்தால் பேசியே மடக்கிவிடுவான். எழுதி அனுப்ப நினைக்கிறேன். எப்படி எழுதுவது?

செல்வகுமார்

அன்புள்ள செல்வகுமார்,

நேரமில்லை என்று எழுதிவிடாதீர்கள். முகம் சரியாக உட்காராது என்றும் சொல்லவேண்டாம். அப்படிச் சொன்னால் அவர் அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போவார், அல்லது கைப்பேசியிலேயே ஏதோ ஒரு செயலியில் ஒட்டிக்கொள்வார். உங்கள் கை சுத்தமாக இருக்கும், படம் எப்படியும் பிறந்துவிடும். அந்தப் படம் யார் கையாலும் உருவாகக் கூடாது என்பதுதான் நீங்கள் எழுதப்போகும் கடிதத்தின் வேலை. ஆகவே உண்மையான காரணத்தையே எழுதுங்கள்.

‘மறுநாள் சொல்லிவிடுவேன்’ என்பதில்தான் உங்கள் நண்பரின் கணக்கு பிசகுகிறது. கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அடுத்த நொடியே திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். 2018இல் அந்தப் படம் இந்தியாவில் வாட்ஸ்அப்பில் சுற்றியபோது அட்டை காட்டும் பகுதி வெட்டப்பட்டிருந்தது. தூக்கிக்கொண்டு போவது மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. எடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடு வைத்த விளக்கம், அதே படத்துக்குள்ளேயே இருந்த விளக்கம், ஒரு வெட்டில் போய்விட்டது. உங்கள் நண்பரின் விளக்கமோ படத்தில்கூட இல்லை. மறுநாள் அவர் வாயிலிருந்து வரவேண்டியது. அதற்குள் அந்த இளம் தந்தை பயத்தில் தன் மாமியார் வீட்டுக்கும், தெருக்காரர்களின் குழுவுக்கும் அதை அனுப்பியிருப்பார். பிள்ளையைப் பெற்றவன் வேறென்ன செய்வான்? விளக்கம் அவரிடம் வந்து நின்றுவிடும். படம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

அதே 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை உங்கள் நண்பருக்கு நினைவூட்டுங்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. காரில் இருந்த 65 வயது அம்மாள் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டது. அந்த அம்மாள் அடிபட்டே செத்துப்போனார். அவருடைய முகம் எந்தப் படத்திலும் இருக்கவில்லை. பொதுவான வதந்தி ஒன்றே போதுமானதாக இருந்தது. இங்கே நீங்கள் கொடுக்கப்போவது ஒரு முகம். அதுவும் போர்வை மூட்டையோடு நாள்தோறும் தெரியாத தெருக்களில் கதவைத் தட்டுகிற ஒருவரின் முகம்.

இன்னொரு யோசனையும் உங்களிடம் வரும்: ‘கொஞ்சம் அசட்டையாகச் செய்துகொடு, பார்த்தாலே ஒட்டு என்று தெரியட்டும்.’ இதற்கு இணங்கிவிடாதீர்கள். உங்கள் திரையில் இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும்போது தாடைக்குக் கீழே வெட்டி ஒட்டிய ஓரம் தெரியும். முகத்தின் நிறம் மஞ்சளாகவும் கழுத்து சற்று நீலமாகவும் இருக்கும். முகத்தில் உள்ள பொடிப்புள்ளிகளின் சொரசொரப்பு சட்டையில் இருக்காது. உங்களுக்கு அது பளிச்சென்று பொய். ஆனால் வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கி அழுத்தித்தான் அனுப்புகிறது. அப்படிச் சுருங்கும்போது ஓரங்கள் மழுங்கி, புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மசமசவென்று ஆகிவிடும், நிற வேறுபாடும் சின்னத் திரையில் எளிதில் கண்ணில் படாது. நீங்கள் வேண்டுமென்றே விட்ட பிழையை அந்தச் சுருக்கமே பெரும்பாலும் மறைத்துக் கொடுத்துவிடும். தெளிவாக மிஞ்சுவது ஒளியின் திசைதான்: மூக்கின் நிழல் இடப்பக்கம் விழ, உடலின் நிழல் வலப்பக்கம் விழும். ஆறு அங்குலத் திரையில், பிள்ளையைப் பற்றிய பயத்தோடு பார்ப்பவர் மூக்கின் நிழலைத் தேடமாட்டார். மூலையில் ‘விளையாட்டு’ என்று எழுதினாலும் மூலையை வெட்ட ஒரு விரல் போதும்.

நீங்கள் முகம் ஒட்டாதவர் இல்லை. இறந்துபோன தகப்பனாரை மகளின் திருமணப் படத்தில் சேர்த்துத் தரும்படி எத்தனை பேர் வந்திருப்பார்கள்! மங்கிப்போன ஒரு பாஸ்போர்ட் படத்தை வைத்துக்கொண்டு, மணமேடை விளக்குக்கு ஏற்றபடி கன்னத்தில் வெளிச்சம் கூட்டி, சட்டைக் காலரில் கழுத்தைப் பொருத்தி, கண்மணியில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி வைப்பீர்கள். அவர் மனைவியான கிழவி அதைப் பார்த்து அழுவாள். அந்தப் பாஸ்போர்ட் படத்தை அவள் தன் கையால், சேலைத் தலைப்பில் முடிந்து எடுத்துவந்து உங்களிடம் கொடுத்தாள். போர்வைக்காரர் தன் முகத்தை உங்களிடம் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லலாம், மிரட்டலாக வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் அவதூறுக்கு 356ஆம் பிரிவு இருக்கிறது. மக்களிடையே பீதி உண்டாக்கும் பொய்த் தகவலைப் பற்றியது 353. இரண்டுமே பரப்பியவரோடு நிற்பதில்லை, உருவாக்கியவரையும் கேட்கும். நோக்கம் என்ன என்பதை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அதற்கு முன்பே காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது நீங்களாக இருக்கலாம்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

“அன்புள்ள பிரபு, நீ கேட்ட படத்தை நான் செய்யமாட்டேன். வேறு யாரிடமும் நீ செய்துவாங்கவும் வேண்டாம். இது பணத்தாலோ நேரத்தாலோ வந்த மறுப்பு இல்லை. அந்தப் போர்வைக்காரர் யாரென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு அவர் ஏதோ ஒரு தெருவில் நுழையும்போது, அங்கே யாராவது ஒருவர் நம் படத்தைப் பார்த்திருந்தால் போதும். விளையாட்டு என்று அவர்களிடம் சொல்ல நாம் அங்கே இருக்கமாட்டோம். நம் நண்பனைச் சிரிக்கவைக்க வேண்டுமென்றால் உன் முகத்தையும் என் முகத்தையும் வைத்து ஒரு படம் செய்கிறேன். இரண்டு பேரையும் தொட்டிலில் படுக்கவைத்து, அவன் ஆட்டுவது போல. இன்றிரவே செய்து தருகிறேன். நீ எடுத்த அந்தப் படத்தை மட்டும் அழித்துவிடு.”

முதல் வரியிலேயே மறுப்பு வந்துவிட வேண்டும். ‘பார்க்கலாம்’, ‘யோசிக்கிறேன்’ என்று ஒரு சொல் விழுந்தாலும் அவர் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி வருவார். தொட்டில் படத்தை உண்மையாகவே அன்றிரவு செய்துகொடுங்கள்.

பிறகு உங்கள் கணினியைப் பாருங்கள். முகம் வருமா என்று ஒரு முறை வெட்டிப் பார்த்திருப்பீர்கள், தொழில்காரர்களின் கை சும்மா இருக்காது. அந்த பி.எஸ்.டி. கோப்பை நீக்கிவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூலப்படம் உங்கள் கைப்பேசியின் கேலரியில் தனியாக ஒரு பிரதி சேர்ந்திருக்கும். அரட்டையில் நீக்கினாலும் கேலரியில் நிற்கக்கூடும், அங்கேயும் தேடி அழியுங்கள். ஸ்டுடியோ கணினியை வேறு பையன்களும் தொடுகிறார்கள் அல்லவா.