வெப்ப நாட்டில் பேட்டரியின் வயதைக் கணிப்பது எப்படி?

“அண்ணா, நான் கோத்தகிரியிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வேலைக்கு வந்து, பழைய மைவி கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். பேட்டரியின் மேல் K2 என்று பொறித்திருக்கிறது. ஒட்டிய தாளில் 2023 ஏப்ரல் என்று எழுதியிருக்கிறது. வண்டி ஒரே சுழற்சியில் கிளம்புகிறது, ஆனாலும் வண்டி பழுதுபார்க்கும் ஃபோர்மேன் இந்த மாதமே (2025 செப்டம்பர்) மாற்றச் சொல்கிறார். எங்கள் வீட்டில் ஐந்து வருடம் ஓடியதே, இவர் ஏமாற்றுகிறாரா?”

தம்பி, ஃபோர்மேன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் அந்த எழுத்து மாதத்தையும் எண் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் குறிக்கும். A ஜனவரி என்று எண்ணினால் K நவம்பர் ஆகிறது. சில தயாரிப்பாளர்கள் 1 என்ற எண்ணோடு குழம்பக்கூடாது என்று I எழுத்தை விட்டுவிடுவதால் அது அக்டோபராகவும் இருக்கலாம். ஒரு மாத வேறுபாடு நம் கணக்கைப் பாதிக்காது. 2 என்பது 2012 ஆகவும் இருக்கலாம் என்றாலும், பதின்மூன்று ஆண்டுப் பேட்டரி இந்த வெப்பத்தில் வண்டியைக் கிளப்பாது. ஆகவே உங்கள் பேட்டரி 2022 இறுதியில் உருவானது. ஏறத்தாழ மூன்று வயது. எல்லா நிறுவனங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. சிலவற்றில் நாள், மாதம், ஆண்டு வரிசையில் ஆறு இலக்கங்கள் இருக்கும். ஐயமிருந்தால் அந்த வகையை விற்கும் கடையில் கேளுங்கள்.

தாளில் உள்ள ஏப்ரல் பொருத்திய மாதம். உத்தரவாதத்தைப் பொதுவாக அதிலிருந்தே கணக்கிடுவார்கள். பேட்டரி முதுமையடைவதோ உருவான நாளிலிருந்து. இடைப்பட்ட ஐந்தாறு மாதங்கள் அது கடை அலமாரியில் மின்னேற்றம் இல்லாமல் கிடந்திருந்தால், தானாகவே மின்சாரத்தை இழந்து, தகடுகளில் ஈய சல்ஃபேட் படிவு கெட்டியாகத் தொடங்கியிருக்கும். இங்குள்ள வெப்பத்தில் அந்த இழப்பு விரைவாகவே நடக்கும்.

உங்கள் வீட்டுப் பேட்டரி ஐந்து வருடம் உழைத்ததற்குக் கோத்தகிரியின் குளிர்தான் காரணம். பேட்டரியின் உள்ளே நடக்கும் அரிமானத்தின் வேகம், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. நீங்கள் இருக்கும் பேராக் மாநிலத்தின் சமவெளியில் பகலில் 32, 33 பாகை சாதாரணம். இயந்திர மூடியின் கீழே அதைவிட மிகவும் அதிகம். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வெயிலில் நிறுத்தும்போது, விசிறியும் காற்றோட்டமும் நின்றுபோக, இயந்திரத்தின் சூடு அங்கேயே தங்கிப் பேட்டரியை வேகவைக்கிறது. நீர் ஆவியாகிறது, ஈயத் தகட்டின் சட்டம் அரித்துத் தேய்கிறது. இதனால்தான் இங்கே இரண்டு முதல் மூன்று ஆண்டுகளையே ஒரு பேட்டரியின் இயல்பான ஆயுளாகக் கருதுகிறோம்.

வண்டி ஒரே சுழற்சியில் கிளம்புவதை நம்பாதீர்கள். குளிர் ஊரில் காலையில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால், வலுவிழந்த பேட்டரி முனகி முனகித் தன் நிலையைச் சொல்லிவிடும். இங்கே எண்ணெய் எப்போதும் இளகியே இருப்பதால் இயந்திரம் எளிதில் சுழன்று, பேட்டரியின் தளர்ச்சியை மறைத்துவிடுகிறது. தேய்ந்த சட்டம் ஒரு நாள் முறிந்தால், காலையில் கிளம்பிய வண்டி மாலையில் அசையாது. சத்தத்தைவிட எழுத்தையும் எண்ணையும் நம்புவது அதனால்தான்.

மாற்றுவதற்கு முன் உறுதி செய்ய விரும்பினால் வோல்ட் மீட்டர் ஒன்று போதும். இரவு முழுவதும் நிறுத்திய வண்டியில், கிளப்புவதற்கு முன் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் மின்னேற்றம் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். ஆனால் தேய்ந்த தகடுகளும் 12.6 காட்டும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நண்பர் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, இயந்திரம் சுழலும் நொடிகளில் மீட்டரைப் பாருங்கள். நிறைய மின்னேற்றம் இருந்தும், இந்த வெப்பத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே மின்தடை கூடிவிட்டது என்று பொருள். மூன்று வயதும் சேர்ந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கிளம்பிய பின் 13.8 முதல் 14.5 வரை காட்டாவிட்டால் முதலில் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் புதுப் பேட்டரியும் வீணாகும்.

கிளப்பும்போது 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் ஓரிரு மாதம் ஓட்டலாம். ஆனால் ஈப்போ போகும் நெடுஞ்சாலையிலோ தோட்டத்தின் உள்ளேயோ இரவில் தனியாக ஓட்டுபவர் என்றால் நான் காத்திருக்கச் சொல்லமாட்டேன். வாங்கும்போது, பொருத்துவதற்கு முன்பே புதுப் பேட்டரியின் பொறிப்பைப் படித்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் உருவானது நல்லது. ஆறு மாதம் கடந்திருந்தால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள்.