எல்ஐசி பணத்தில் எந்தக் கடனை முதலில் அடைப்பது?

"எல்ஐசி முதிர்வுப் பணம் 1,80,000 வந்திருக்கு. கிரெடிட் கார்டு பாக்கி 70,000 (மாச வட்டி 3.5%), தண்டையார்பேட்டை அடகுக் கடையில 5 பவுன் மேல 90,000 (மாசம் 2%), பைக் லோன் 55,000 (வருஷம் 11%). நகையை முதல்ல மீட்டுடலாமா?"

முதலில் கார்டை முடிங்க. 70,000க்கு மாச வட்டி 2,450, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 441, ஆக 2,891 ரூபாய் போகுது. நகைக்கு 1,800, பைக்குக்கு சுமார் 500தான்.

மினிமம் டியூ கட்டாதீங்க, மொத்தத்தையும் கட்டுங்க. அப்படியும் அடுத்த பில்லில் ஒரு சின்னத் தொகை வரும். பில் போட்ட நாளிலிருந்து நீங்க பணம் கட்டின நாள் வரைக்குமான வட்டி அது. நிறைய பேர் "முடிஞ்சது"ன்னு அதை விட்டுடறாங்க, தாமதக் கட்டணம் ஏறி சிபில் ஸ்கோரும் அடி வாங்குது. அதுக்கு 3,000 ஒதுக்கி வைங்க. அது முடியும்வரை கார்டைத் தேய்க்காதீங்க; பாக்கி இருக்கும்போது புதுசா வாங்கும் பொருளுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அடுத்தது நகை. பல கடைகளில் மாசம் தாண்டி ரெண்டு நாள் ஆனாலும் முழு மாச வட்டி கேட்பாங்க. ரசீதில் இருக்கும் தேதியைப் பார்த்து, அதுக்கு முன்னாடியே போங்க. ரசீதில் எழுதின கிராமோட நகையை அங்கேயே எடை போட்டுப் பார்த்துட்டு பணத்தைக் கொடுங்க.

மீதி 15,000 சொச்சம் இருக்கும். பைக் லோனில் போடாதீங்க, முன்கூட்டி அடைச்சா கட்டணம் வேற கேட்கலாம். பேங்கிலேயே இருக்கட்டும். அவசரம்னா அந்த 5 பவுனை பேங்கில் வைங்க, வட்டி அடகுக் கடையில் பாதிகூட வராது.