சர்வேயில் நிறைய பேரிடம் கேட்டால் போதாதா? வயது வாரியாக இத்தனை பேர் என்று ஏன் பிரிக்கிறார்கள்?

கேட்கும் விஷயத்தில் இளையவர்களும் மூத்தவர்களும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள் என்றால், பிரிக்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. வயதுக்கேற்ப பதில் மாறும் இடத்தில்தான் சிக்கல். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான்.

18 வயதுக்கு மேற்பட்டவர்கள் 20,000 பேர். 18–29 வயதில் 6,000 பேர், 30–44ல் 6,400, 45–59ல் 4,400, 60க்கு மேல் 3,200. அதாவது 30, 32, 22, 16 சதவீதம். 250 பேரிடம் கேட்கப் போகிறோம் என்றால் ஒவ்வொரு சதவீதத்தையும் 250ஆல் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும்: 75, 80, 55, 40. இதுதான் ஒதுக்கீடு. சதவீதம் எடுக்கும்போது குழந்தைகளையும் சேர்த்த மொத்த மக்கள்தொகையால் வகுத்துவிடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: "பில்லை ஆன்லைனில் கட்டுகிறீர்களா?" உண்மையில் இந்த நான்கு பிரிவுகளிலும் முறையே 80, 60, 40, 20 சதவீதம் பேர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கீட்டின்படி கேட்டால் 60 + 48 + 22 + 8 = 138 பேர் "ஆம்" என்பார்கள். 55.2 சதவீதம். மொத்த 20,000 பேருக்கும் கணக்கிட்டாலும் இதேதான் வரும்.

இப்போது ஒதுக்கீடு இல்லாமல் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறோம். 140, 70, 30, 10 என்று பதில் வருகிறது. "ஆம்" 112 + 42 + 12 + 2 = 168, அதாவது 67.2 சதவீதம். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் 12 புள்ளி கூடிவிட்டது. லிங்க்கை இன்னும் பரப்பி 2,500 பேரைப் பிடித்தாலும் வயது விகிதம் இப்படியே இருந்தால் அதே 67.2தான்.

"பிறகு எடை போட்டுச் சரிசெய்யலாமே" என்பார்கள். செய்யலாம். 60க்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் பதிலையும் 40/10 = 4 மடங்காக எண்ண வேண்டியிருக்கும். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மாற்றிச் சொன்னாலே மொத்த முடிவு 1.6 புள்ளி நகரும். அதனால் முதலிலேயே ஒதுக்கீட்டை நிரப்பிவிடுவது நல்லது. வயதை முதல் கேள்வியாக வைத்து, 18–29ல் 75 நிரம்பியதும் அந்தப் பிரிவை மூடிவிடுங்கள்.

ஒதுக்கீட்டால் தீராதது ஒன்று உண்டு. 60க்கு மேல் 40 பேர் வேண்டும் என்று காலை நடைப்பயிற்சிக்கு வருபவர்களையே பிடித்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் வீட்டைவிட்டு வெளியே வராத முதியவர்கள் ஒருவரும் அதில் இருக்க மாட்டார்கள். வயது அட்டவணையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு படிவத்திலும் எங்கே, எந்த நேரத்தில் எடுத்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒரே இடமும் நேரமும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பிரிவை மட்டும் வேறு இடங்களில் மறுபடி எடுக்க வேண்டும்.