விலகியவருக்கு மறுபடி மெயில் போவது ஏன்?

கேள்வி: குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கிறோம். பில்லிங்கில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியலை மாதாமாதம் மெயில் சர்வீஸில் ஏற்றுகிறோம். விலகியவர்களுக்கும், போனில் வேண்டாம் என்றவர்களுக்கும் மறுபடி மெயில் போய்த் திட்டு வாங்குகிறோம். என்ன செய்வது?

பதில்: ஏற்றுவதற்கு முன் இறக்க வேண்டும், அதுதான் விஷயம். மெயிலின் அடியில் இருக்கும் லிங்க்கை அழுத்தி ஒருவர் விலகினால், உங்கள் பில்லிங் கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே முதலில் மெயில் சர்வீஸிலிருந்து விலகியோர் பட்டியலை எடுங்கள். அதை ஏன்தான் நாலு மெனுவுக்குள் ஒளித்து வைக்கிறார்களோ! எக்செல்லில் Sheet2-இன் A நெடுவரிசையில் அந்த மெயில் முகவரிகளை ஒட்டிவிடுங்கள். உங்கள் பட்டியலின் மெயில் முகவரிகள் முதல் ஷீட்டில் A2-இலிருந்து தொடங்கினால், அதற்குப் பக்கத்தில் இதைப் போட்டுக் கடைசி வரை இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIF(Sheet2!A:A,TRIM(A2))
```

0 வந்தால் விலகாதவர். 1 அல்லது அதற்கு மேல் வந்தால் பில்லிங்கில் 'மெயில் வேண்டாம்' என்று தேதியோடு குறித்துவிட்டு, ஏற்றும் ஃபைலிலிருந்து எடுத்துவிடுங்கள். போனில் "இனி மெயில் வேண்டாம்" என்பவரையும் அதே கட்டத்தில் குறித்து, அன்றே மெயில் சர்வீஸிலும் விலக்குங்கள். ஆளையே அழித்துவிடாதீர்கள். அழித்தால் அவர் விலகிய தகவலும் போய், அடுத்த மாதம் புது ஆளாக உள்ளே வந்துவிடுவார்.

"ரெண்டையும் நான் சிங்க் பண்ணித் தருகிறேன்" என்று வருகிற ஏஜென்டுகளிடம் ஜாக்கிரதை. பலர் 'கடைசியாக மாறிய பதிவே செல்லும்' என்று வைத்துவிட்டுக் காசு வாங்கிப் போய்விடுவார்கள். மார்ச் 3-இல் கோவைக்காரர் ஒருவர் விலகுகிறார் என்று வையுங்கள். ஏப்ரல் 10-இல் ஏலக்காய் பார்சலுக்காக வீட்டு முகவரியை மாற்றச் சொல்கிறார். பில்லிங் பதிவு புதியதாகிவிட்டதால், அதிலிருக்கும் பழைய 'சரி' ஜெயித்துவிடும். எந்தப் பக்கம் 'வேண்டாம்' இருந்தாலும் அதுவே செல்ல வேண்டும். இன்னும் சிலர் புது அக்கவுன்ட் திறந்து எல்லோரையும் ஏற்றுவார்கள். விலகியோர் பட்டியல் பழைய அக்கவுன்டிலேயே கிடக்கும்.

ஒரே விதிவிலக்கு, விலகியவர் தானே திரும்பி வருவது. அவர் மறுபடி கடைக்கு வந்து மிளகு வாங்கியது சம்மதம் ஆகாது. பில்லுக்காக மெயில் முகவரி எழுதிக் கொடுத்ததும் ஆகாது. 'சலுகை மெயில் அனுப்பலாம்' என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டு, அந்தத் தேதி விலகிய தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் மட்டும் சேருங்கள். கடைப் பையன் போட்ட டிக் கணக்கில் வராது.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க உங்கள் சொந்த முகவரியையே பில்லிங்கில் சேர்த்து, ஒரு மெயில் வந்ததும் விலகுங்கள். அடுத்த மாதம் ஏற்றிய பிறகும் மெயில் வந்தால், எங்கோ இன்னும் ஓட்டை இருக்கிறது.