மினி ஓவனில் பீட்சாவும் முந்திரிப் பருப்பும் வெளியே கருகாமல் இருக்க எந்த செட்டிங்?

கேள்வி: டர்பனுக்கு வந்து ஒரு மினி ஓவன் வாங்கினேன். மீந்த பீட்சாவைச் சூடாக்கினால் மேலே சீஸ் கருகுது, நடுவில் ஜில்லென்று இருக்கு. முந்திரியும் மக்கடேமியாவும் வறுத்தால் வெளியே கருப்பு, உள்ளே பச்சை வாடை. எந்தக் குறியில், எத்தனை டிகிரியில் வைக்கணும்?

பதில்:

சுருக்கமாகச் சொன்னால், மேலும் கீழும் கோடு போட்ட குறியில் வையுங்கள். பீட்சாவுக்கு 180, முந்திரிக்கு 150, மக்கடேமியாவுக்கு 130 டிகிரி. ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் உங்கள் பிரச்சினை தீராது. கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் திருகில் உள்ள எண் இல்லை, ஓவனைச் சூடாக்கும் கம்பி.

இந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும் மினி ஓவன்களில் 180-ல் வைத்தால் கம்பி மிதமாக எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண திருகு வைத்த ஓவனில் அப்படி நடப்பதில்லை. கம்பி எரிந்தால் முழு வேகத்தில்தான் எரியும், இல்லையென்றால் அணைந்துவிடும். நீங்கள் வைக்கும் எண் எப்போது அணைய வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. செக்கச்செவேல் என்று எரியும்போது அந்தக் கம்பி 500 டிகிரிக்கும் மேலே இருக்கும். பெரிய ஓவனில் அது உணவிலிருந்து தள்ளி இருக்கும். மினி ஓவனில் சில அங்குலம்தான் இடைவெளி. உள்ளே இருக்கும் காற்று 150-ஐ எட்டுவதற்கு முன்பே சீஸின் மேல்தோல் கம்பியின் அனலை நேராக வாங்கிவிடுகிறது. வெளியே கருப்பு, உள்ளே பச்சை என்பது இதனால்தான்.

முதலில் குறிகளைப் பாருங்கள். மேலே மட்டும் கோடு இருந்தால் அது கிரில், மேல் கம்பி மட்டும் எரியும். சீஸ் கருகுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. டோஸ்ட் என்று தனிக் குறி இருந்தால் அதையும் விடுங்கள். பல மாடல்களில் டோஸ்டில் வெப்பத் திருகை ஓவன் மதிப்பதே இல்லை, நேரம் முடியும்வரை கம்பிகள் எரிந்துகொண்டே இருக்கும். ரொட்டிக்கு அது சரி. விசிறிக் குறி இருந்தால் பருப்புக்கு நல்லது, காற்று சுற்றிச் சுற்றி வருவதால் சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி படும். அப்படி வைத்தால் மேலே சொன்ன எண்ணிலிருந்து 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். பீட்சாவுக்கு விசிறி வேண்டாம், ஓரம் அப்பளம் போலக் காய்ந்துவிடும்.

அடுத்தது எப்போது உள்ளே வைப்பது என்பது. ஓவனைப் போட்டதும் முதல் சுற்றில்தான் கம்பி வெகுநேரம் விடாமல் எரியும், அணைந்த பிறகும் அந்தச் சூட்டில் உள்வெப்பம் நீங்கள் வைத்த எண்ணைத் தாண்டிப் போகும். அதனால் முதல் முறை அணையும்போது வைக்காதீர்கள். அணைந்து, மறுபடி எரிந்து, இரண்டாம் முறை அணையும் வரை பொறுங்கள். சில ஓவன்களில் விளக்கைப் பார்த்தே தெரியும். விளக்கு அணையாத மாடல் என்றால் கம்பியின் நிறத்தைப் பாருங்கள், அல்லது காது கொடுத்துக் கேளுங்கள், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கடைகளில் கிடைக்கும் குட்டி ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றைத் தட்டு இருக்கும் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. திருகு சொல்வதும் உள்ளே இருப்பதும் 20 டிகிரி வரை வித்தியாசப்படுவது சகஜம்.

இப்போது பீட்சா. மெல்லிய அடி உள்ள இரண்டு துண்டுகள் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓவனோடு வந்த கருப்புத் தட்டைக் கீழ்த் தட்டிலிருந்து ஒரு படி மேலே செருகி, அதையும் சேர்த்தே சூடாக்குங்கள். துண்டின் ஓரத்தில் ஈர விரலால் ஒரு முறை தடவிவிட்டு, சூடான தட்டின் மேல் நேராக வையுங்கள். மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி லேசாக மூடுங்கள், சீஸில் ஒட்ட வேண்டாம், கம்பியில் படவே கூடாது. நான்கு நிமிடம் இப்படி. தாள் அனலைத் தடுத்துவிடும், அடியில் இருக்கும் சூடான தட்டு மாவைச் சூடாக்கும். ஃப்ரிட்ஜில் ரப்பர் மாதிரி ஆன மாவு மறுபடி இளகுவதற்கு நடுவரை சூடு போக வேண்டும், அதற்கு இந்த நேரம் தேவை. பிறகு தாளை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள், சீஸ் மினுங்க ஆரம்பிக்கும். கத்தி முனையால் தூக்கினால் துண்டு தொங்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். கோழியோ இறாலோ மேலே இருந்தால் நடுவில் ஆவி பறக்கும் சூடு வந்ததா என்றும் பாருங்கள். தடித்த அடி என்றால் 160-ல் எட்டு நிமிடம் மூடி, இரண்டு நிமிடம் திறந்து. அடி மட்டும் கருகினால் தட்டை ஒரு படி ஏற்றுங்கள், அல்லது அடியில் இன்னொரு தட்டைப் போடுங்கள். பீட்சா விஷயம் இவ்வளவுதான்.

பருப்புதான் உண்மையில் சிக்கல் பிடித்தது. பீட்சாவில் பாதி கருகினால் சுரண்டிச் சாப்பிடலாம், முந்திரி கருகினால் கசப்பு முழுக்க ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, சட்டென்று கருகும் பொருள் அது. அதிலும் மக்கடேமியா நம்மூர் பருப்பு மாதிரி இல்லை, எண்ணெய் அதிகம். இங்கே குவாசூலு நாட்டாலிலேயே அதை நிறைய விளைவிக்கிறார்கள், தென்னாப்பிரிக்கா அதில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று, அதனால் கையோடு கிடைக்கிறது. ஒழுங்காகக் காயாமல் ஈரம் மிச்சமிருந்தால், வறுக்கும்போது வெளியே நல்ல நிறமாகவும் நடுவில் பழுப்பாகவும் ஆகிவிடும். டர்பன் கடலோரம், வெயில் காலத்தில் காற்றே ஈரம். திறந்த பாக்கெட்டை இரண்டு நாள் மேசையில் வைத்தால் முந்திரி நமத்துப் போகும். எனவே பழைய பாக்கெட்டாக இருந்தால் முதலில் 100 டிகிரியில் பத்து நிமிடம் காய வையுங்கள், அப்புறம் வறுங்கள்.

200 கிராம் முந்திரிக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். முழுசையும் உடைந்ததையும் முதலில் பிரிக்கிறேன். உடைந்தது முன்னாடியே கருகும், அதோடு கலந்தால் ஒன்று தீயும், ஒன்று வேகாது. தட்டில் ஒரே வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புகிறேன். எண்ணெய் வேண்டாம். 150-ல், மேலும் கீழும் எரியும் குறியில், நடுத் தட்டில், மேலே தாளை லேசாக மூடி. ஐந்து நிமிடத்தில் எடுத்துக் குலுக்கி, பின்புறம் இருந்ததை முன்னாலும் முன்னால் இருந்ததைப் பின்புறமும் தள்ளுகிறேன். மினி ஓவனில் கதவோரம் எப்போதும் சூடு குறைவு. பிறகு தாளை எடுத்துவிட்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை குலுக்க வேண்டும். பத்து முதல் பதின்மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மக்கடேமியா முழுசாக இருந்தால் 130-ல் பதினைந்து முதல் இருபது நிமிடம், தாளைப் பாதி நேரம் மேலேயே வையுங்கள். தோலோடு உள்ள வேர்க்கடலைக்கு 160-ல் பதினைந்திலிருந்து இருபது நிமிடம் ஆகும், தோல் இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

எப்போது எடுப்பது என்பதற்கு நிறத்தை நம்பாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆண்டி சொல்வார்: "கண்ணு, வாசனை மூக்கைத் தொட்டதும் தட்டை எடு, நிறத்துக்குக் காத்திருக்காதே." சரியான பேச்சு. பருப்பு வெளியே வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் உள்சூட்டில் வெந்துகொண்டே இருக்கும். இன்னும் கொஞ்சம் நிறம் வரட்டும் என்று விட்டால் ஆறும்போது கருமையாகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒன்றைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். உள்ளே வெளிறிய தந்த நிறம் மாறி லேசான மஞ்சள் கலந்த பழுப்பு வந்தால் போதும். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், மொறுமொறுப்பு ஆறிய பிறகு வரும். அதைப் பார்த்து வேகவில்லை என்று மறுபடி உள்ளே வைப்பதால்தான் பாதிப் பேருக்குக் கருகுகிறது. எடுத்ததும் சூடான தட்டிலேயே விடாமல் வேறொரு குளிர்ந்த தட்டில் கொட்டுங்கள். மிளகாய்த்தூளும் உப்பும் அதன் பிறகு, பருப்பு கைச்சூட்டுக்கு மேலே இருக்கும்போதே. வறுக்கும்போது போட்டால் மிளகாய்த்தூள் முதலில் கருகி எல்லாவற்றையும் கசப்பாக்கும்.

தீபாவளிக்கு மிக்சருக்காகத் தட்டுத் தட்டாக வறுப்பவர்களுக்கு இன்னொன்று. இரண்டாவது தட்டு முதல் தட்டைவிட இரண்டு மூன்று நிமிடம் முன்னாடியே ஆகிவிடும், ஏனென்றால் ஓவனின் சுவர்களே சூடேறி இருக்கும். முதல் தட்டின் நேரத்தை அப்படியே நம்பி வேறு வேலைக்குப் போகாதீர்கள். டைமர் சாவி கொடுத்துச் சுழலும் வகையாக இருந்தால், பத்து நிமிடத்துக்குக் கீழே வைக்கும்போது நேராக ஐந்துக்குத் திருகாமல் இருபது வரை திருகிவிட்டுப் பின்னோக்கி ஐந்துக்கு வாருங்கள், அப்போதுதான் சரியாக ஓடும். நடுவில் கரண்ட் போனால் அந்த வகை டைமர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஓவன் ஆறிவிடும். நேரத்தை விட்டுவிட்டு வாசனையைப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் கருகினால் ஒரு சோதனை. காலி ஓவனை 150-ல் வைத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். அதற்குள் கம்பி ஒரு முறைகூட அணையவில்லை என்றால் தெர்மோஸ்டாட் பழுது. எந்த செட்டிங்கும் உதவாது, ரசீதை எடுத்துக்கொண்டு வாங்கின கடைக்கே கொண்டுபோங்கள்.