இமாமுக்கு அரியணை தேவையா?

அன்புள்ள ஐயா,

ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். அது ஷியாக்களுடையது என்று சமீபத்தில்தான் தெரிந்தது. என்ன வித்தியாசம் என்று அலுவலகத்தில் இருக்கும் சுன்னி நண்பரிடம் கேட்டேன். "நபிக்கு அப்புறம் யார் தலைவர் என்பதில் வந்த அரசியல் சண்டை, அவ்வளவுதான்" என்றார். ஒரு வாரிசுச் சண்டை 1,400 வருஷம் தாங்குமா? மருமகன்தான் பதவிக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் ஷியாக் கொள்கையா? போராக்களும் ஷியாக்கள்தான் என்கிறார்களே, அது எப்படி?

ரா., சென்னை

அன்புள்ள ரா.,

உங்கள் நண்பர் சொன்னதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சுன்னித் தரப்பின் பதில். சுன்னி அறிஞர்களுக்குத் தலைமை என்பது சட்டம் சார்ந்த விஷயம். சமூகம் ஒழுங்காக நடக்க ஒரு தலைவர் வேண்டும், அவரை எப்படி அமர்த்துவது என்பதற்கு விதிகள் உண்டு, அவ்வளவுதான். பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷியாக்களுக்கோ இமாமத், அதாவது இமாமின் தலைமை, மார்க்கத்தின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. ஏகத்துவம், நபித்துவம், மறுமை ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது. ஆகவே ஒரு ஷியாவிடம் கேட்டிருந்தால், "வெறும் அரசியல்" என்ற சொல்லையே அவர் மறுத்திருப்பார்.

முதலில் 632ஆம் ஆண்டைப் பார்த்துவிடலாம். நபிகள் நாயகம் மதீனாவில் காலமானார். அவருடைய மருமகன் அலீயும் குடும்பத்தாரும் அடக்கத்துக்கான வேலைகளில் இருந்தபோது, மதீனாவின் பூர்வகுடிகளான அன்சாரிகள் பனூ சாயிதா குலத்தாரின் கூரையிட்ட மண்டபத்தில் கூடினார்கள். தங்களில் ஒருவரான சஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்குவது அவர்கள் எண்ணம். செய்தி கேட்டு அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் அங்கே விரைந்தார்கள். "எங்களில் ஒரு தலைவர், உங்களில் ஒரு தலைவர்" என்று பேரம் நடந்தது. நபியின் குலமான குறைஷிகளில் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் அரபுக் குலங்கள் கட்டுப்படாது என்றார் அபூபக்கர். கடைசியில் உமர் அபூபக்கரின் கையைப் பிடித்து பைஅத் எனும் விசுவாச உறுதிமொழி செய்தார், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். அது திடீரென்று நடந்துவிட்ட காரியம், அதன் தீங்கிலிருந்து இறைவன் காப்பாற்றினான் என்று உமரே பின்னாளில் சொன்னதை சுன்னிகளின் புகாரி தொகுப்பே பதிவு செய்திருக்கிறது.

அலீயின் ஆதரவாளர்களுக்கு இதில் மனக்குறை இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், கடைசி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், கதீர் கும் என்ற இடத்தில் நபி அலீயின் கையை உயர்த்தி, "நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலீயும் மவ்லா" என்று சொல்லியிருந்தார். மவ்லா என்ற சொல்லுக்கு அன்பர் என்றும் தலைவர் என்றும் பொருள் உண்டு. இந்த நபிமொழி சுன்னித் தொகுப்புகளிலும் இருக்கிறது. அது அலீயின் மீதுள்ள அன்பைக் காட்டுகிறது என்பது சுன்னி விளக்கம். அது நியமனமேதான் என்பது ஷியா விளக்கம்.

ஆனால் இதெல்லாம் நடந்த உடனே ஷியாப் பிரிவு பிறந்துவிடவில்லை. அலீ சில மாதங்கள் கழித்து அபூபக்கருக்கு பைஅத் செய்தார் என்று புகாரி சொல்கிறது. அவரை விரும்பியவர்கள் மற்றவர்களோடு ஒரே பள்ளிவாசலில் தொழுதார்கள். அதோடு, 656இல் அலீ நான்காவது கலீஃபாவாக வந்தும்விட்டார். வெறும் பதவிச் சண்டையாக இருந்தால் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும்.

661இல் அலீ ஈராக்கின் கூஃபாவில் கொல்லப்பட்டார். 680இல் அவர் மகன் ஹுசைன் கர்பலாவில் உமையா கலீஃபா யஸீதின் படையால் கொல்லப்பட்டார். கர்பலாதான் ஷியா மதம் என்று நினைப்பவர்கள் அதிகம். முஹர்ரம் துக்கமும் அதன் உணர்ச்சியும் அங்கிருந்து வந்தவை, சந்தேகமில்லை. கோட்பாடு அங்கிருந்து வரவில்லை. கர்பலாவுக்குப் பிறகு நபி குடும்பத்தின் மீது பற்றுள்ளவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். கூஃபாவில் முக்தார் என்பவர் அலீயின் இன்னொரு மகனான முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யாவின் பெயரால் கிளர்ச்சி செய்தார். இப்னுல் ஹனஃபிய்யாவோ நபியின் மகள் ஃபாத்திமாவின் பிள்ளை அல்ல. 740இல் ஹுசைனின் பேரன் ஸைத் வாளெடுத்து மடிந்தார். குடும்பத்தில் யார் துணிந்து எழுகிறாரோ அவர் பின்னால் போவது என்பதுதான் வழக்கமாக இருந்தது. ஸைதின் வழி வந்த ஸைதிகள் அதையே கொள்கையாக்கிக்கொண்டார்கள். அலீயின் மகன்கள் ஹஸன், ஹுசைன் வழிவந்தவர்களில் அறிவுள்ள ஒருவர் வாளோடு எழுந்தால் அவரே இமாம். யேமனில் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

என் கணிப்பில் திருப்பம் வந்தது வாளெடுக்காத ஒருவரால். ஹுசைனின் கொள்ளுப்பேரன் ஜஅஃபர் அஸ்ஸாதிக். மதீனாவில் உட்கார்ந்து பாடம் நடத்தியவர். சுன்னி அறிஞர்களும் அவரை மதிக்கிறார்கள். உமையா வம்ச ஆட்சி விழும் நேரத்தில், அதைக் கைப்பற்றிய அப்பாஸிகளின் பிரதிநிதியான அபூ சலமா ஆட்சியை ஏற்கச் சொல்லி அவருக்குக் கடிதம் அனுப்பியதாகவும், அவர் அதை விளக்கில் காட்டி எரித்துவிட்டதாகவும் சொல்வார்கள். ஆட்சி வேண்டாம் என்பவர் எப்படித் தலைவர்? இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்தான் ஷியாக் கோட்பாடு.

அதன்படி இமாம் ஆண்டாலும் ஆளாவிட்டாலும் இமாம்தான். மக்கள் ஏற்பதால் அவருக்கு அந்த நிலை வருவதில்லை. முந்தைய இமாம் பெயர் சொல்லி நியமிப்பதால் வருகிறது, அந்த நியமனம் இறைவனுடையது. இதற்கு நஸ் என்று பெயர். மார்க்கத்தின் உட்பொருள் அறிந்த தனி அறிவு அவரிடம் உண்டு. பாவத்திலிருந்தும் பிழையிலிருந்தும் காக்கப்பட்டவர். நபிக்கும் இமாமுக்கும் உள்ள வித்தியாசம், இமாமுக்குப் புதிய வேதம் அருளப்படுவதில்லை என்பதுதான்.

இதன் பக்கத்தில் அபூபக்கர் பதவியேற்றபோது பேசியதை வைத்துப் பாருங்கள். "நான் உங்களில் சிறந்தவன் அல்ல. நன்றாகச் செய்தால் துணை நில்லுங்கள், தவறினால் என்னைத் திருத்துங்கள்." சுன்னித் தலைமைக் கொள்கை முழுவதும் இதற்குள் இருக்கிறது என்பேன். தலைவர் தவறலாம், மார்க்கத்தைக் காப்பது சமூகமும் அறிஞர்களும். முதல் நான்கு கலீஃபாக்களும் நான்கு விதமாகத்தான் பதவிக்கு வந்தார்கள்: கூட்டத்தில் பைஅத், முன்னவரின் பரிந்துரை, ஆறு பேர் குழு, மதீனா மக்களின் ஆதரவு. இந்த நடைமுறைகளிலிருந்து விதிகளைத் தொகுத்து எழுதிய சட்ட அறிஞர் மாவர்தீ 11ஆம் நூற்றாண்டுக்காரர். அதாவது சுன்னிக் கொள்கையும் பின்னால் திரண்டதுதான். ஷியாத் தரப்பின் கேள்வி வேறு: திருத்தப்பட வேண்டியவரிடம் மார்க்கத்தை எப்படி ஒப்படைப்பது?

சரி, இந்த நஸ் நடைமுறையில் எப்படி வேலை செய்தது? 765இல் ஜஅஃபர் காலமானபோது நடந்ததாக ஷியாக்களின் அல்காஃபி தொகுப்பு சொல்வதைப் பாருங்கள். நள்ளிரவில் அப்பாஸி கலீஃபா மன்சூர் ஒருவரைக் கூப்பிட்டு அனுப்புகிறார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையில் கடிதத்தோடு அழுதுகொண்டிருக்கிறார். "ஜஅஃபரைப் போல் இனி யார் இருக்கிறார்?" என்கிறார். அப்புறம் அதே மூச்சில் மதீனா ஆளுநருக்கு எழுதச் சொல்கிறார்: அவர் குறிப்பாக ஒருவரை நியமித்திருந்தால் அந்த ஆளின் தலையை வெட்டு. பதில் வருகிறது. உயிலில் ஐந்து பேர். முதல் பெயர் கலீஃபா மன்சூர், அடுத்தது அந்த ஆளுநரே, பிறகு மகன்கள் அப்துல்லாஹ், மூஸா, கடைசியாக மூஸாவின் தாய் ஹமீதா. யார் தலையை வெட்டுவது?

உயில் மகனின் உயிரைக் காப்பாற்றியது, ஆனால் சீடர்களைத் திண்டாட வைத்தது. உயிரோடிருந்த மகன்களில் மூத்தவர் அப்துல்லாஹ் என்று கூட்டம் அவரிடம் போயிற்று. ஹிஷாம் இப்னு சாலிம் என்ற சீடரும் தோழர் ஒருவரும் அவரிடம் ஜக்காத் என்ற கட்டாய தானத்தின் கணக்குக் கேட்டார்கள். 200 திர்ஹத்துக்கு எவ்வளவு? ஐந்து என்றார். சரிதான். நூறு திர்ஹத்துக்கு? இரண்டரை என்றார். 200க்குக் கீழே வெள்ளிக்கு ஜக்காத்தே கிடையாது. இமாமுக்கு இது தெரியாமல் இருக்குமா? இருவரும் வெளியே வந்து, இனி எந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்வது என்று மதீனாவின் சந்தில் உட்கார்ந்து அழுதார்களாம். அப்போது அறியாத முதியவர் ஒருவர் கையசைத்துக் கூப்பிடுகிறார். மன்சூரின் உளவாளி என்று பயந்து, ஹிஷாம் தோழரை விலகிப் போகச் சொல்லிவிட்டுத் தனியாக அவர் பின்னால் போகிறார். முதியவர் கொண்டுபோய் விட்டது மூஸாவின் வாசலில். கேட்டதற்கெல்லாம் பதில் கிடைக்கிறது. "வெளியே பரப்பினால் இதுதான்" என்று மூஸா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார்.

மூஸாவை ஏற்றவர்களின் வழியில் வந்த கதை இது, எழுத்தில் தொகுக்கப்பட்டது சுமார் 150 ஆண்டுகள் கழித்து. அதனால் அப்படியே நடந்தது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் நியமனம் ரகசியமாக இருக்க வேண்டிய நிலையில் அறிவுதான் அதற்குச் சாட்சியானது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை. சிம்மாசனமோ படையோ இங்கே பேச்சிலேயே இல்லை, கவனித்தீர்களா?

நஸ்ஸின் சிக்கலும் இங்கேயே வெளிப்பட்டது. ஜஅஃபர் முதலில் நியமித்தது மூத்த மகன் இஸ்மாயீலை என்று ஒரு சாரார் நம்பினார்கள். அவர் தந்தைக்கு முன்பே இறந்துபோனதாகப் பெரும்பாலோர் சொல்கிறார்கள். இறைவனின் நியமனம் மாறுமா? மாறாது என்றவர்கள் இஸ்மாயீல் வழியிலேயே நின்றார்கள், அவர்கள் இஸ்மாயீலிகள். நீங்கள் கேட்ட போராக்கள் இந்தக் கிளைதான். அவர்களுடைய 21ஆம் இமாம் தய்யிப் 12ஆம் நூற்றாண்டில் மறைவாகிவிட்டார், அவர் சார்பில் தாயீ என்ற தலைவர் வழிநடத்துகிறார். ஆகா கானைப் பின்பற்றுகிறவர்கள் இன்னொரு இஸ்மாயீலிக் கிளை. அவர்களுக்கு இமாம் கண்ணெதிரே வாழ்கிறார்.

மூஸாவின் வழியில் போனவர்கள்தான் இன்றைய ஷியாக்களில் பெரும்பான்மை. 874இல் பதினோராம் இமாம் ஹஸன் அஸ்கரீ சாமர்ராவில் இறந்தார். அவருடைய மகன் பன்னிரண்டாம் இமாம் மறைவில் இருக்கிறார், இறுதிக் காலத்தில் நீதியை நிலைநாட்டும் மஹ்தியாகத் திரும்புவார் என்பது அவர்கள் நம்பிக்கை. முதலில் நான்கு பிரதிநிதிகள் அடுத்தடுத்து அவருக்காகப் பேசினார்கள். 941இல் நான்காமவர் இறந்தபின் அந்தத் தொடர்பும் நின்றது.

தவறாத இமாம் வேண்டும் என்பது கொள்கை, இமாமோ கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் இப்போது ஆள்வது யார்? பல நூற்றாண்டுகள் ஷியா அறிஞர்கள் சட்டம் சொல்வதோடு பெரும்பாலும் நின்றுகொண்டார்கள். இமாமின் இடத்தில் மார்க்கச் சட்ட அறிஞரே ஆளலாம் என்று 1970இல் ஈராக்கின் நஜஃப் நகரில் நடத்திய வகுப்புகளில் வாதிட்டவர் கொமெய்னி. 1979இல் அது ஈரானின் அரசியல் சட்டத்தில் ஏறியது. அதே நஜஃபில் இருக்கும் மூத்த ஷியா அறிஞர் சீஸ்தானி, அறிஞர்கள் நேரடியாக அரசாள வேண்டும் என்ற அந்த ஈரான் முறையை ஏற்கவில்லை. 2003க்குப் பிறகு ஈராக்கின் அரசியல் சட்டத்தை மக்கள் தேர்ந்தெடுத்த சபைதான் எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்.