தூள் ஆலை கைமாறினால் பைக்கற்றில் யார் பெயர்?

"அண்ணை, பக்கத்து ஊர் தூள் ஆலையை வாங்கிவிட்டோம். எங்களுக்கும் சொந்தப் பெயர் இருக்கு. எதை வைக்க, எதை விட?"

தம்பி, முதலில் நாலைந்து கடைகளில் போய் நில்லுங்கள். வருகிறவர் வாயால் என்ன சொல்லிக் கேட்கிறார் என்று அப்படியே எழுதுங்கள். இதே மாதிரி ஒரு இணைப்பில் நான் வேலை செய்தேன். வறுத்த கறித்தூளை வாங்கப்பட்ட ஆலையின் பெயர் சொல்லியே கேட்டார்கள். மஞ்சளை "மஞ்சள் நூறு கிராம்" என்று மட்டும்தான். அதனால் கறித்தூளில் பழைய பெயரை வைத்தோம், மஞ்சளில் அதை நிறுத்தினோம். முழு ஆலைக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை, சாமானுக்குச் சாமான் பாருங்கள்.

"இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டால் இரண்டு பக்க ஆட்களும் நிற்பார்கள்தானே?"

கொஞ்ச காலத்துக்கு, ஆம். ஆனால் நீளமான பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, தெரிந்த பாதியை மட்டும் சொல்வார்கள். சின்னப் பைக்கற்றில் எழுத்தும் சிறுத்துவிடும். பழைய பெயரைப் பெரிதாக விட்டு, கீழே உங்கள் பெயரைச் சிறிதாகப் போடுங்கள். ஆட்கள் பழகியபின் அளவை மாற்றலாம்.

நிறத்தை மட்டும் அதே நேரத்தில் மாற்றாதீர்கள். நாங்கள் பெயரையும் சிவப்புப் பைக்கற்றையும் ஒரே நாளில் மாற்றினோம். கடைத் தட்டில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. "இது டூப்ளிகேட்டா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லாதது என் பிழை, இன்றைக்கும் உறுத்துகிறது.

"அப்பாவின் கடையை அண்ணாவும் நானும் பிரிக்கிறோம். பெயர் யாருக்கு?"

தங்கச்சி, இது இணைப்பு இல்லை, பிரிப்பு. வர்த்தகக் குறி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு சட்டத்தரணியிடம் போங்கள்.

"2018இல் இலங்கையில் ஹட்ச் போன் கம்பனி, எடிசலாட் கம்பனியை எடுத்தது. எடிசலாட் பெயர் போச்சு, அதன் 072 நம்பர்கள் இன்னும் ஓடுது. நிறுத்தின பெயரை வேறு ஆள் பிடிக்கலாமா?"

நல்ல உதாரணம். ஆட்கள் கையில் இருந்தது நம்பர், அது மாறவில்லை. அதனால் பெயர் போனதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

பிடிக்கலாம். நம் நாட்டில் பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் ஐந்து வருடம் தொடர்ந்து பாவிக்காவிட்டால் நீக்கக் கேட்க இடமுண்டு. புதுப்பிப்பது பாவிப்பு ஆகாது. விட மனமில்லாத பெயரில் ஒரு சின்னச் சாமானையாவது உண்மையாக விற்றுக்கொண்டிருங்கள். ஆலையை வாங்கியதோடு குறியும் உங்கள் பெயருக்கு மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். எழுத்தில் உரிமைமாற்றம் செய்து, அதைப் பதியவும் வேண்டும்.

"பழைய ஐயா விலகிவிட்டார், வறுவல் எங்கள் ஆலையில். ருசி கொஞ்சம் மாறிப்போச்சு. அந்தப் பெயரை வைக்கலாமா?"

இதில் எனக்கே முடிவு இல்லை. வைத்தால் ஒரு முறை வாங்கியவர் அடுத்த முறை வரமாட்டார், எடுத்தால் முதல் தடவையே வரமாட்டார். ஐயாவை ஆறு மாதம் சம்பளத்துக்குக் கூப்பிட்டு வறுவலைப் பழக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை பெயரில் கை வைக்காதீர்கள்.